வேக ஓட்டத்தில் பின்தொடைச் சதை கிழிந்தால்: காரைக்குடிப் பக்கத்து ஓட்டக்காரர்கள் கேட்பவை

காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகள், கல்லூரி அணியில் 200, 400 ஓடுபவர்கள், நாற்பது வயதைத் தாண்டி ஓட்டத்தில் இறங்கியவர்கள் என்று பல பேர் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளே இவை. கோட்டையூரிலிருந்து வந்த ஒரு தம்பியின் கதை நடுநடுவே வரும். தனக்கு நடந்தது மற்றவர்களுக்கு நடக்கக் கூடாது என்று, பெயர் போடாமல் எழுதச் சொன்னவர் அவர்தான்.

நாலாவது 200 ஓடும்போது பின்தொடையில சுளீர்னு இழுத்துச்சு. நரம்பு பிடிச்சுக்கிச்சா, சதை கிழிஞ்சிடுச்சா?

பெரும்பாலும் சதைதான். பின்தொடையில் இடுப்புக்குக் கீழே, நாம் உட்காரும்போது தரையில் படுகிற எலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மூன்று தசைகள் ஓடுகின்றன. மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஹேம்ஸ்ட்ரிங் என்று பெயர். வேக ஓட்டத்தில் அடிபடுவது அதிகமும் வெளிப்பக்கம் இருக்கிற தசை; அதிலும் சதையும் தசைநாணும் சேருகிற இடத்தில்தான் இழைகள் அறுபடும்.

ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு அடியிலேயே குத்தியது, யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இருந்தது, அடுத்த நாலு அடியில் நொண்ட ஆரம்பித்தேன் என்று சொன்னால் அது கிழிவு. ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கும். குப்புறப் படுத்து, குதிகாலைப் புட்டத்தை நோக்கி மடக்கும்போது இன்னொருவர் கையால் தடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் வலி வரும்.

பிடிப்பு வேறு மாதிரி. சதை கட்டியாக இறுகும், நீட்டிவிட்டால் சில நிமிடங்களில் தளரும், மறுநாள் லேசான வலிதான் மிஞ்சும். நரம்பு வலி இன்னொரு மாதிரி. எந்த அடியில் வந்தது என்று சொல்லவே முடியாது. இடுப்பிலோ புட்டத்திலோ தொடங்கி எரிச்சலாகக் கீழே இறங்கும், காலில் மரமரப்பு இருக்கும், குனிந்து உட்கார்ந்தால் கூடும். அப்படி இருந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள திட்டம் உங்களுக்கானது அல்ல. முதலில் முதுகைப் பரிசோதிக்க வேண்டும்.

மெதுவா பத்து கிலோமீட்டர் ஓடினா ஒண்ணும் ஆகல. வேகமா ஓடினா மட்டும் ஏன் போகுது?

தரையை உதைக்கும்போது கிழிவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் கால் காற்றில் முன்னால் வீசிப் போய், பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முந்தைய கணம்தான் ஆபத்தானது. இடுப்பு மடங்கி முழங்கால் நீண்டுகொண்டிருக்கும். பின்தொடைத் தசை தன் முழு நீளத்தை நெருங்குகிற அதே நேரத்தில், முன்னால் வீசுகிற காலைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். நீண்டுகொண்டே பிரேக் போடுகிற வேலை அது.

மெதுவாக ஓடும்போது இந்த வீச்சு சிறியது, தசை பெரிதாகச் சிரமப்படுவதில்லை. முழு வேகத்தை நெருங்கும்போது சுமை வேகத்தோடு சமமாக ஏறாது. 80 சதவீதத்துக்கு மேல் செங்குத்தாக ஏறும். அதனால் பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட முடிகிறது என்பது, 100 மீட்டரை முழு வேகத்தில் ஓடலாம் என்பதற்குச் சான்றே இல்லை.

கோட்டையூர்த் தம்பிக்கு நடந்தது இதுதான். போலீஸ் தேர்வில் முதலில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பதால் மூன்று மாதம் அதற்கு மட்டுமே பழகினார். அது தேறியதும் 400 மீட்டருக்கு மாறி, முதல் வாரத்திலேயே 200 மீட்டரை ஆறு தடவை முழு வேகத்தில் ஓடத் திட்டம் போட்டுக்கொண்டார். நாலாவதில் கால் களைத்துவிட்டது. களைத்தவர் வேகம் குறையாமலிருக்க எட்டை நீட்டிப் போடுவார், பாதம் உடம்புக்கு வெகு முன்னால் விழும். வளைவு முடிகிற இடத்தில், செம்மண் தரையில் சரளை கிடந்த பகுதியில், வலது கால் லேசாக வழுக்கியது. அந்த அடியில் போய்விட்டது.

உடனே உருவி விடலாமா? சுளுக்கு எடுக்கிறவர் பக்கத்துத் தெருவுலயே இருக்கார்.

முதல் ஒரு வாரம் வேண்டாம். மணிக்கட்டும் கணுக்காலும் பிசகியபோது அவர் கையால் குணமானவர்கள் நம் ஊரில் உண்டு, அந்த மரியாதை எனக்கும் இருக்கிறது. ஆனால் இது பிசகு இல்லை, அறுந்த இழை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது தைலம் போட்டு அழுத்தி நீவினால் கசிவு கூடும், கட்டிய இடமும் பிரியும். வெந்நீர் ஒத்தடமும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு வேண்டாம்.

ஐஸ் துண்டுகளைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை வையுங்கள். அது வலியைக் குறைக்கும். காயத்தை வேகமாக ஆற்றும் என்று நினைக்க வேண்டாம். கிரேப் பேண்டேஜை இறுக்கமில்லாமல் சுற்றலாம், இரவில் கழற்றிவிடுங்கள். நொண்டாமல் நடக்க முடிகிற தூரம் மட்டும் நடங்கள். படுத்தே கிடப்பதும் தப்பு, “இறுகிடக் கூடாது” என்று காலை நீட்டி இழுப்பதும் தப்பு. காலைத் திண்ணைமேல் தூக்கி வைத்துக் குனிந்து இழுப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். புதுக் காயத்தை அது திரும்பத் திரும்பப் பிரிக்கிறது.

ஸ்கேன் எடுக்கணுமா? எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

சாதாரணக் கிழிவுக்கு ஸ்கேன் தேவைப்படுவதில்லை. கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் ஓரிரு நாளிலேயே போங்கள்: ‘டொப்’ என்று சத்தம் கேட்டு, கால் ஊன்றவே முடியாமல் போவது, பின்தொடை முழுக்க முழங்கால்வரை கருநீலமாக ரத்தம் கட்டுவது, தொட்டால் சதையில் பள்ளம் தெரிவது, உட்காரும் எலும்பின் மேலேயே கடுமையாக வலிப்பது. தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதை முதல் சில வாரங்களுக்குள் முடிவு செய்வதுதான் நல்லது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 13 முதல் 18 வயதுவரை உட்காரும் எலும்பின் வளரும் பகுதி முழுதாக ஒட்டியிருக்காது. விளையாட்டு விழாவில் ஓடும்போது சதைக்குப் பதில் அந்த எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். “சின்னப் பையன்தானே, சுளுக்காத்தான் இருக்கும்” என்று விடாமல் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

எத்தனை நாள்ல சரியாகும்?

லேசானது இரண்டு மூன்று வாரம். நடுத்தரக் கிழிவு நான்கிலிருந்து எட்டு வாரம். முழுதாக அறுந்தது மாதக்கணக்கு. உட்காரும் எலும்புக்கு எவ்வளவு கிட்டே வலிக்கிறதோ, பொதுவாக அவ்வளவு நாள் கூடும். தசைநாணுக்குள் கிழிவு போயிருந்தாலும் அப்படியே. நடப்பதற்கு எத்தனை நாள் வலித்தது என்று முதலில் கேட்பேன். ஒரே நாளில் வலியில்லாமல் நடந்தவரும், ஆறு நாள் நொண்டியவரும் ஒரே தேதியில் ஓட்டத்துக்குத் திரும்ப முடியாது.

12-வது நாள் வலியே இல்ல. ஓடிப் பாத்தேன், மறுபடியும் அதே இடத்துல போயிருச்சு. ஏன்ணே?

இதைக் கேட்டவர் அந்தத் தம்பிதான். முதல் தடவை அவர் என்னிடம் வரவில்லை. பத்து நாள் ஓய்வெடுத்தார், பதினோராவது நாள் அரைமணி நேரம் மெதுவாக ஓடினார், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் ஸ்பைக்ஸ் மாட்டி 150 மீட்டர் முழு வேகம். நூறைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டார்.

வலி போவது முதல் கட்டம்தான். கிழிந்த இடத்தில் புதிதாக உருவான தழும்புத் திசு, நடக்கவும் மெதுவாக ஓடவும் தாங்கும், முழு வேகத்துக்குத் தாங்காது. அதோடு, ஓய்வெடுத்த நாட்களில் தசையின் பலம் குறைகிறது. முக்கியமாக, நீண்ட நிலையில் இருக்கும்போது அது காட்ட வேண்டிய பலம். பாதம் தரையைத் தொடுமுன் வேண்டியது சரியாக அந்தப் பலம்தான் என்று மேலே சொன்னேன். ஓய்வு இதைத் திருப்பித் தராது, மெது ஓட்டமும் தராது.

அவரைத் திண்ணைக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். ஒரு குதிகாலைத் திண்ணை விளிம்பில் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு, இடுப்பை மேலே உயர்த்தி இறக்கச் சொன்னேன். இடது காலில் 27 தடவை செய்தார். இது நடந்தது இரண்டாவது காயத்துக்குப் பிறகு ஒன்பதாவது நாள்; நடக்கும்போது வலி இல்லை. வலது காலில் 11-இல் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, 13-இல் நின்றுவிட்டது. “வலிக்கலண்ணே, தூக்க முடியல” என்றார். அந்த வித்தியாசத்தோடு ஸ்பைக்ஸ் மாட்டியிருந்தால் மூன்றாவது தடவையும் போயிருக்கும். முன்பே ஒரு தடவை கிழிந்ததுதான் மறுபடி கிழிவதற்குப் பெரிய காரணம். திரும்ப ஓட ஆரம்பித்த முதல் சில வாரங்களில் அது அதிகம் நடக்கிறது.

ஜிம்முக்குப் போகாம வீட்ல என்ன பயிற்சி செய்யலாம்?

மூன்று போதும். நிறையச் சேர்த்தால் எதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டீர்கள்.

முதலாவது, நொண்டல் நின்ற நாளிலிருந்து. மல்லாக்கப் படுத்து, அடிபட்ட காலின் தொடையை இரு கையாலும் பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். தொடை அசையாமல், முழங்காலை மட்டும் மெதுவாக நீட்டுங்கள். வலி தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி மடக்குங்கள். 12 தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும். எவ்வளவு நீட்ட முடிகிறது என்பதே உங்கள் தினசரி அளவுகோல். நல்ல காலோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள்.

இரண்டாவதற்கு நம் ஊர் வீடுகள் கொடுத்துவைத்தவை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழப்பாக இருக்கிறதல்லவா, அதில் ஒரு காய்ந்த துணியை விரித்துக் குதிகால்கள் இரண்டையும் அதன்மேல் வையுங்கள். மல்லாக்கப் படுத்தபடி இடுப்பை உயர்த்தி, குதிகால்களை மெதுவாக, நாலு நொடி எண்ணி, வெளியே வழுக்கவிடுங்கள். கால் நீண்டதும் இடுப்பைத் தரையில் இறக்கி, குதிகால்களை மடக்கிக்கொண்டு வந்து மறுபடி தொடங்குங்கள். இழுத்து வரும்போது பலம் போட வேண்டாம். நீள்கிற வழியில் தசையைப் பிடித்து நிறுத்துவதுதான் பயிற்சி. இரு காலால் 8 தடவை, மூன்று சுற்று எளிதானதும் அடிபட்ட காலை மட்டும் துணியில் வைத்துச் செய்யுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள்.

மூன்றாவதை மூன்றாம் வாரத்துக்கு முன் தொடாதீர்கள். தலையணைமேல் மண்டியிட்டு, நண்பர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து முன்பக்கம் மெதுவாகச் சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கையூன்றி விழ வேண்டும். நார்டிக் என்பார்கள். முதல் வாரம் 5 தடவை இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுநாள் பின்தொடை முழுக்க வலிக்கும். அது இரு காலிலும் சமமாகப் பரவிய வலியாக இருந்தால் கவலையில்லை.

இவற்றோடு திண்ணைச் சோதனையை வாரம் ஒரு தடவை செய்து எண்ணுங்கள்.

திரும்ப ஓடுற திட்டத்தைப் படிப்படியா சொல்லுங்க.

முதலில் ‘சதவீதம்’ என்றால் என்ன என்று தீர்த்துக்கொள்வோம். “80 சதவீதத்தில் ஓடு” என்றால் எல்லோரும் 90-இல் ஓடுகிறார்கள், உடம்பு உணர்வதை நம்ப முடியாது. 30 மீட்டர் அளந்து இரண்டு செங்கல் வையுங்கள். அதற்கு முன்னால் 30 மீட்டர் வேகம் எடுக்க, பின்னால் 30 மீட்டர் வேகம் குறைக்க. நடு 30-க்கு மட்டும் நேரம் எடுங்கள். பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் துல்லியமாகத் தெரியும்.

காயத்துக்கு முன் தம்பியின் நேரம் 3.6 நொடி. அப்படியானால் 60 சதவீதம் 6 நொடி, 70 என்றால் 5.1, 80 என்றால் 4.5, 90 என்றால் 4. பழைய நேரம் இல்லாதவர்கள் தங்கள் 200 மீட்டர் நேரத்தை எடுத்து 0.15-ஆல் பெருக்குங்கள். 27 நொடி என்றால் 4.05. அதை 90 சதவீதம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு இரண்டாம் காயத்திலிருந்து எண்ணி நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் நாள் நொண்டல் நின்றது. எட்டாம் நாள் அரைமணி நடை, வலியில்லை. பத்தாம் நாள் ஒரு நிமிடம் மெது ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்துத் தடவை. இன்னும் இரண்டு நாள் அப்படி ஓடிவிட்டு, பதினைந்தாம் நாள் அந்த 90 மீட்டர் பாதையில் 60 சதவீதம், ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்து திரும்பி வருவதுதான் ஓய்வு. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓட்டம். ஒரே படியை இரண்டு ஓட்ட நாட்களில் சுத்தமாக ஓடினால்தான் அடுத்த படி. பத்தொன்பதாம் நாள் 70-க்கு ஏறினார்.

24-ஆம் நாள் 80. அங்கே ஒரு தடங்கல். ஓடும்போது ஒன்றுமில்லை, மறுநாள் காலை முழங்காலை நீட்டிப் பார்க்கும்போது முந்தின நாளைவிட ஒரு சாண் முன்னாலேயே பிடித்தது. இரண்டு நாள் ஓட்டத்தை நிறுத்தி, 70-க்கு இறங்கி ஒரு தடவை ஓடி, பிறகு 80-ஐ மறுபடி தொடங்கினார். நாலைந்து நாள் போனதே தவிர, கிழியவில்லை.

80-க்கு மேல் போகும்முன் இரண்டு நிபந்தனை வைத்தேன். திண்ணைச் சோதனையில் இரு காலுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று எண்ணிக்கைக்குள் வர வேண்டும். மூன்றாவது பயிற்சி வலியில்லாமல் நடக்க வேண்டும். 33-ஆம் நாள் வலது காலில் 25 செய்தார். 80-க்கு மேல் ஏறியபோது ஐந்து ஐந்து சதவீதமாகத்தான் கூட்டினோம்: 85, 90, 95. வேக நாட்களுக்கு நடுவே முழுதாக இரண்டு நாள் இடைவெளி. வேகம் எடுக்கும் தூரத்தையும் நிற்கும் தூரத்தையும் சுருக்கவே இல்லை. சட்டென்று கிளம்புவதும் சட்டென்று நிற்பதும் தனிச் சுமை.

முழு வேகத்துக்கு முன் ஒரு கடைசிச் சோதனை. மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்காமல், காலை முடிந்த அளவு வேகமாக மேலே வீச வேண்டும். முழங்கால் மடங்காமலிருக்கச் சுற்றிக் கட்டிவிடுவேன். இதை மற்ற எல்லாம் தேறிய பிறகே செய்ய வேண்டும், முன்னால் செய்தால் இதுவே கிழித்துவிடும். வலித்ததா என்பதோடு, பயமாக இருந்ததா என்றும் கேட்பேன். முதல் தடவை தம்பி “வலியில்ல, ஆனா முழுசா வீச மனசு வரல” என்றார். அதையும் ‘இன்னும் ஆகவில்லை’ என்றே எடுத்துக்கொண்டேன். ஐந்து நாள் கழித்துத் தயங்காமல் வீசினார்.

47-ஆம் நாள் முழு வேகம், நேர்பாதையில் நாலு தடவை, 3.7 நொடி. மூன்று நாள் கழித்து மறுபடி. அதற்குப் பிறகுதான் வளைவும் 200 மீட்டரும். 200-ஐ இரண்டு தடவையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டினார். களைத்த காலில் வேகம் என்பது கடைசியாகச் சேர்க்க வேண்டியது.

எவ்வளவு வலி வந்தா நிறுத்தணும்?

பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியிலும் மெது ஓட்டத்திலும் இரண்டு மூன்றுவரை பரவாயில்லை, சில மணி நேரத்தில் அடங்கிவிட வேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் ஓடும்போது பூஜ்யம்தான். அங்கே லேசாக இறுகுகிற மாதிரி தோன்றினாலே அன்றைய ஓட்டம் முடிந்தது. “இன்னும் ஒண்ணு ஓடிட்டு நிறுத்திக்கிறேன்” என்று சொல்லி ஓடிய அந்த ஒன்றில் கிழித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போறதா வேண்டியிருக்கேன். மூணாவது வாரத்துல வருது. போகலாமா?

நொண்டாமல் இரண்டு மணி நேரம் நடக்க முடிந்தால் போகலாம். நடையில் கால் அவ்வளவு தூரம் வீசுவதில்லை, காயம் பிரியாது. ஆனால் நாள்கணக்கில் நடந்து திரும்பிய கால் களைத்திருக்கும், பாதத்தில் கொப்புளம் இருந்தால் ஓடும் விதமே மாறும். வந்து ஐந்து நாள் வேக ஓட்டம் வேண்டாம்; விட்ட படிக்கு ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். வழியில் அன்பாகக் கால் அமுக்கிவிடுவார்கள். அடிபட்ட இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தேர்வு அடுத்த வாரம். வலி மாத்திரை போட்டு ஓடிடலாமா?

வேண்டாம். மாத்திரை வலியை மறைக்கும், இழையை ஒட்டாது. 80 சதவீதப் படியைத் தாண்டாதவர் 400 மீட்டரைப் போட்டி வேகத்தில் ஓடினால், அந்த ஓட்டமும் முடியாது, அடுத்த தேர்வுக்கான பயிற்சியும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். 1,500 மட்டும் ஓட வேண்டியிருந்து, அது உங்களுக்குச் சுலபமான வேகம் என்றால், 70 சதவீதப் படியைத் தேறியவர் சீராக ஓடி முடிக்கலாம். கடைசிச் சுற்றில் யாரையும் துரத்தக் கூடாது.

முழுசா சரியாயிருச்சு. பயிற்சியெல்லாம் நிறுத்திரலாமா?

நார்டிக்கை நிறுத்தாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், 6 தடவை இரண்டு சுற்று, வேக ஓட்டம் முடிந்த அன்றே. வேக ஓட்டத்துக்கு முந்தின நாள் செய்தால் களைத்த காலோடு ஓட வேண்டிவரும்.

அதைவிட முக்கியமாக, வேக ஓட்டத்தை அடியோடு விட்டுவிட்டு மாதங்கள் கழித்துத் திடீரென்று திரும்ப எடுக்காதீர்கள். 1,500-க்குப் பழகுகிற மாதங்களிலும் வாரம் ஒரு தடவை, நன்றாக உடம்பு சூடான பிறகு, 60 மீட்டர் நாலு தடவை 90 சதவீதத்துக்கு மேல் ஓடிவையுங்கள். இப்போது அந்தத் தம்பி செவ்வாய்க்கிழமை காலையில் அதைச் செய்கிறார். ஓடும்முன் வளைவில் கிடக்கிற சரளையைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுத்தான் ஓடுகிறார்.